இழவு வீட்டில் நெஞ்சைப் பிடிக்கும் அம்மாக்கள்

எங்கள் இருதயப் பிரிவுக்கு நெஞ்சுவலியோடு வரும் பெண்களில் சிலர் இழவு வீட்டிலிருந்து நேராக வருகிறவர்கள். தலை கலைந்திருக்கும், சேலையில் பூவிதழ் ஒட்டியிருக்கும், அழுது குரல் கட்டியிருக்கும். கூட வந்தவர்கள் முதலில் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்: "ஒன்றும் இல்லை மிசி, அழுது அழுது நெஞ்சு அடைத்துவிட்டது." பினாங்கில் இருதய நோயாளிகளைக் கவனிக்கும் தாதியாக நெடுங்காலம் வேலை பார்க்கிறேன். இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். வாக்கியத்தின் பின்பாதி பெரும்பாலும் உண்மை. முன்பாதிதான் உயிருக்கு ஆபத்து.

ஒரு பெண்மணிக்கு நடந்ததைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி குடும்ப விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களில் கை வைக்கவில்லை.

அவருக்கு வயது 64. பட்டர்வொர்த் பக்கம் வீடு. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், மற்றபடி சமையலும் சந்தையும் கோயிலுமாக நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர். பிறையில் இருந்த தம்பி ஒரு நாள் காலையில் வேலையிடத்தில் சுருண்டு விழுந்து இறந்துவிட்டார். செய்தி கேட்டதும் கட்டிய சேலையோடு தம்பி வீட்டுக்குக் கிளம்பிய அக்கா, இரவு முழுவதும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை. மறுநாள் பிற்பகல் 2 மணிக்கு உடல் வீட்டுக்கு வந்தது. பெட்டியின் மேல் விழுந்து கதறியவரை நாலு பேர் சேர்ந்துதான் விலக்க முடிந்ததாம்.

3 மணிவாக்கில் நெஞ்சின் நடுவில் பாரம் வைத்ததுபோல் ஓர் அழுத்தம். தாடை வரை இழுத்துப் பிடித்தது. உடம்பெல்லாம் வியர்த்து, குமட்டல் வந்தது. பெண்கள் அவரை அறைக்குள் படுக்க வைத்து, தைலம் தேய்த்து, சீனி போட்ட காப்பி கொடுத்தார்கள். இருதய நோய்க்காரரான பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தம்மிடம் இருந்த, நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரை ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அதை வைத்துக்கொண்டதும் தலை சுற்றல் அதிகமானதே தவிர வலி குறையவில்லை. 5 மணிக்கு உடலை எடுத்தார்கள். ஆண்கள் எல்லாரும் சுடலைக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்த தங்கை மகன்தான் பெரியம்மாவின் கை சில்லிட்டிருப்பதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, யாரிடமும் கேட்காமல் காரில் ஏற்றினான். அவர் அவசரப் பிரிவுக்கு வந்து சேர்ந்தபோது இரவு 8 மணி. வலி தொடங்கி ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது.

வந்தவுடன் எடுத்த அளவுகள்: நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 112, இரத்த அழுத்தம் 96/60. அவருடைய மகளுக்கு இது புரியவில்லை. துக்கத்தில் பிரஷர் ஏறும் என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள், அம்மாவுக்கு ஏன் இறங்கியிருக்கிறது என்று கேட்டார். மிகச் சரியான கேள்வி. இந்த நோயின் கதையே அதற்குள் இருக்கிறது.

பெரும் துக்கமோ கடும் கோபமோ தாக்கும் அந்தக் கணத்தில் மூளை இரண்டு வழியாக இருதயத்துக்கு உத்தரவு அனுப்புகிறது. ஒன்று, இருதயத்தோடும் இரத்தக் குழாய்களோடும் நேரடியாக இணைந்திருக்கும் நரம்புகள். இன்னொன்று, சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள். நரம்பு நொடிக்கணக்கில் வேலை செய்கிறது. சுரப்பி விடும் அட்ரினலின் இரத்தத்தோடு கலந்து சற்றுப் பின்னால் வந்து சேர்கிறது. இருதயம் வேகமாகவும் பலமாகவும் அடிக்கிறது. அதே நேரத்தில் சிறிய இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. கூடுதல் இரத்தம், குறுகிய பாதை: அழுத்தம் கிடுகிடுவென ஏறுகிறது. பெரும்பாலானவர்களுக்கு இது சில நிமிடங்களில் தணியத் தொடங்கி, ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். உடம்புக்குத் தெரிந்த வேலைதான் இது.

அந்த அம்மாவுக்கும் பெட்டியின் மேல் விழுந்த நேரத்தில் அழுத்தம் ஏறித்தான் இருக்கும். ஆனால் அந்த அட்ரினலின் வெள்ளம் இருதயத் தசையையே மரத்துப்போக வைத்துவிட்டது. தசை மரத்துப்போனால் இரத்தத்தை வெளியே தள்ளும் பலம் குறையும், அழுத்தம் இறங்கும். நாங்கள் பார்த்தது ஏற்றத்தை அல்ல, ஏற்றம் விட்டுச்சென்ற சேதத்தை.

இ.சி.ஜி. எடுத்தோம். மார்பின் முன்பக்கத் தடங்களில் அலை மேலே எழும்பியிருந்தது. பெரிய மாரடைப்பு வந்தவருக்கு எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. டிரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனையும் இருதயத் தசை அடிபட்டிருப்பதைக் காட்டியது. இந்த இடத்தில் எந்த மருத்துவரும் துக்கத்தால் வந்தது என்று ஒதுக்கிவைக்க மாட்டார். இரத்தக் குழாய் அடைத்திருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். அன்றிரவும் அப்படித்தான் ஓடினோம்.

ஆஞ்சியோகிராமில் மூன்று குழாய்களும் சுத்தமாக இருந்தன. அடைப்பு எங்கும் இல்லை. பிறகு இருதயத்தின் இடது அறைக்குள் மருந்தைச் செலுத்திப் படம் பிடித்தபோதுதான் காரணம் தெரிந்தது. அறையின் மேல்பகுதி வேகமாகச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. கீழ்ப்பகுதியும் நுனியும் அசைவில்லாமல் உப்பிக்கொண்டு நின்றன. குறுகிய கழுத்தும் பருத்த அடிவயிறும் கொண்ட ஒரு பானை மாதிரி அது தெரியும். 1990-இல் இதை முதன்முதலாக விவரித்த ஜப்பானிய மருத்துவர்களுக்கு, தங்கள் ஊர் மீனவர்கள் ஆக்டோபஸ் பிடிக்கக் கடலில் இறக்கும் பானை நினைவுக்கு வந்தது. டாக்கோட்சுபோ என்ற அந்தப் பானையின் பெயரே நோய்க்கும் நிலைத்துவிட்டது.

துக்கம் இருதயத்தை இப்படிச் செய்யுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்காக ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 2005-இல் அமெரிக்க மருத்துவர்கள், உணர்ச்சி அதிர்ச்சிக்குப் பிறகு இப்படி வந்த 19 பேரின் இரத்தத்தில் அட்ரினலின் வகை ஹார்மோன்களை அளந்தார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு இருப்பதைப்போல 7 முதல் 34 மடங்கு வரை இருந்தது. பெரிய மாரடைப்பு வந்து படுத்திருந்தவர்களோடு ஒப்பிட்டாலும் இரண்டு மூன்று மடங்கு அதிகம். இருதயத்தின் நுனிப் பகுதியில் அட்ரினலினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் நெருக்கமாக இருப்பதால் அந்த இடம்தான் முதலில் மரத்துப்போகிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே இது அதிகம் வருகிறது. 1,750 நோயாளிகளைப் பதிவு செய்த ஒரு பன்னாட்டு ஆய்வில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், சராசரி வயது 67-ஐ ஒட்டி. ஈஸ்ட்ரோஜென் குறைவதால் குழாய்களுக்கும் தசைக்கும் இருந்த பாதுகாப்பு போய்விடுவது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஆண்களுக்கு வந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை, கடும் தொற்று போன்ற உடல் அதிர்ச்சிக்குப் பிறகு வரும். வந்தால் இன்னும் மோசமாக வரும்.

ஆக, அவருக்கு வந்தது துக்கத்தால்தான். உறவினர்கள் சொன்னது சரியாகிவிட்டதே என்று தோன்றலாம். அங்கேதான் நான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். அது டாக்கோட்சுபோ என்று தெரிந்தது ஆஞ்சியோகிராம் மேசையில். அதற்கு முன்னால் வீட்டில் இருந்தவர்களுக்கோ, அவசரப் பிரிவில் இருந்த எங்களுக்கோ, கையில் இ.சி.ஜி. வைத்திருந்த மருத்துவருக்கோ அது தெரிய வழியே இல்லை. அதே வீட்டில், அதே மணி நேரத்தில், அதே அழுகைக்குப் பிறகு உண்மையான அடைப்பு வருவதும் உண்டு. நெருங்கிய ஒருவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாள்களைப்போல சுமார் 21 மடங்கு இருந்ததாக 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. முதல் வாரத்தை மொத்தமாகப் பார்த்தால் அது சுமார் 6 மடங்காக இருந்து, நாள் போகப் போகத் தணிந்தது. பெரிய எண்ணாகத் தெரிந்தாலும் ஒரு தனிமனிதருக்கு ஒரு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மிகச் சிறியது என்பதால், அதைப் பெருக்கினாலும் சிறியதாகவே இருக்கும். அந்த ஆய்வின் கணக்கே இதுதான்: இருதய நோய் வாய்ப்பு குறைவாக உள்ளவர்களில் ஏறத்தாழ 1,400 பேர் நெருங்கியவரை இழந்தால் ஒருவருக்கு அதனால் மாரடைப்பு வரும், வாய்ப்பு அதிகம் உள்ளவர்களில் 320 பேருக்கு ஒருவர். யாரும் அழக்கூடாது என்பதற்கான கணக்கல்ல இது. வாய்விட்டு அழுவதை நான் என்றும் தடுக்கச் சொல்ல மாட்டேன். அந்த 320-இல் ஒருவர் நெஞ்சைப் பிடிக்கும்போது சுற்றி நிற்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதே என் கவலை.

அழுகையால் வரும் அடைப்பு உணர்வுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டா? ஓரளவு உண்டு. விம்மி அழும்போது தொண்டை அடைக்கும், மூச்சு வாங்கும், விரல் நுனி மதமதக்கும். ஆளை அமைதிப்படுத்தி மெதுவாக மூச்சுவிட வைத்தால் சில நிமிடங்களில் விட்டுவிடும். நடு நெஞ்சில் அழுத்தம், தாடை, தோள் அல்லது முதுகுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, வாந்தி, படுத்தால் மூச்சு முட்டுவது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், அல்லது அழுகை ஓய்ந்த பிறகும் பத்து நிமிடத்துக்கு மேல் வலி நின்றால், 999-ஐ அழையுங்கள். உடலை எடுக்கும் வரை பொறுக்கலாம் என்ற பேச்சே வேண்டாம். வந்ததும் வலி தொடங்கிய நேரத்தை முதலில் சொல்லுங்கள், இடையில் என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்பதை அடுத்துச் சொல்லுங்கள்.

அந்த இரண்டாவது தகவல் ஏன் முக்கியம் என்றால், பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனத்தோடு கொடுத்த அந்த மாத்திரையால் வந்திருக்கக்கூடிய வினை அப்படிப்பட்டது. நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரேட் மாத்திரை குழாய்களை விரித்து அழுத்தத்தைக் குறைக்கும். அடைப்பு உள்ளவருக்கு, மருத்துவர் அவருக்கென்று கொடுத்திருந்தால், அது உதவி. டாக்கோட்சுபோ வந்த இருதயத்திலோ சிலருக்கு இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. மரத்துப்போன கீழ்ப்பகுதிக்கு ஈடுகட்ட மேல்பகுதி அளவுக்கு மீறி இறுகுவதால், இரத்தம் வெளியேறும் வாசலே குறுகிவிடும். அந்த நேரத்தில் நைட்ரேட் கொடுத்தால் வாசல் இன்னும் குறுகி அழுத்தம் சரியும். அழுத்தத்தை ஏற்றலாம் என்று அட்ரினலின் வகை மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினாலும் அதே வினைதான், ஏனென்றால் இருதயத்தைத் தாக்கியதே அந்த வகைப் பொருள். எங்கள் மருத்துவர் எக்கோ கருவியை நெஞ்சில் வைத்து வாசல் குறுகியிருப்பதைப் பார்த்த பிறகே மருந்தைத் தீர்மானித்தார். அளவாக நரம்பு வழித் திரவம், பிறகு இருதயத்தின் வேகத்தைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மருந்து மிகச் சிறிய அளவில். பலமிழந்த இருதயத்துக்கு வேகத்தைக் குறைக்கும் மருந்தா என்று பயிற்சித் தாதி ஒருத்தி வியந்தாள். காரணம் தெரிந்தால் வியப்பில்லை: இறுக்கம் தளர்ந்தால்தான் வாசல் திறக்கும்.

இரண்டாம், மூன்றாம் நாள் வேறு விதமான காவல். இ.சி.ஜி.-யில் அலைகள் தலைகீழாகி, ஒவ்வொரு துடிப்பின் மின்னோட்டமும் அடங்கும் நேரம் நீண்டுவிடும். அப்போது இருதயத்தின் ஒழுங்கு திடீரென்று குலையக்கூடும். அதனால் பொட்டாசியமும் மெக்னீசியமும் குறையாமல் பார்த்துக்கொண்டோம். அசையாத அறைக்குள் இரத்தம் தேங்கிக் கட்டியாகாதபடி உறைவுத் தடுப்பு மருந்தும் போனது. வந்த இரவு அவருடைய இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அறையில் இருந்த இரத்தத்தில் 30 விழுக்காட்டைத்தான் வெளியே தள்ளியது. நல்ல இருதயம் 55 விழுக்காட்டுக்கு மேல் தள்ளும். ஒரு வாரத்துக்குள் வீடு திரும்பினார். ஆறு வாரம் கழித்து எடுத்த எக்கோவில் 60. மரத்துப்போன தசை முழுவதும் மீண்டிருந்தது. டாக்கோட்சுபோவின் பெரிய கருணை இது. ஆனால் முதல் சில நாளைக் கடந்தால்தான் அந்தக் கருணை கிடைக்கும். மருத்துவமனைக்கு வந்தவர்களிலேயே நூற்றுக்கு நாலைந்து பேர் கடப்பதில்லை.

கோபத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோபம் பெரும்பாலும் இருதயத்தை மரத்துப்போக வைப்பதில்லை, குழாயைத்தான் தாக்குகிறது. குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படிவு இருந்து, அதன் மேல்தோல் மெல்லியதாக இருந்தால், திடீர் அழுத்தத்தில் அது கிழிந்து, கிழிந்த இடத்தில் இரத்தம் உறையும். 2014-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கடுங்கோபத்துக்குப் பின் வரும் இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு இருந்தது. 2024-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு என்னை யோசிக்க வைத்தது. ஆரோக்கியமான 280 பேரில் ஒரு பிரிவினரைத் தங்களைக் கோபப்படுத்திய ஒரு நிகழ்ச்சியை எட்டு நிமிடம் நினைத்துப் பேசச் சொன்னார்கள். அந்தப் பழைய கோபத்துக்கே, குழாய்கள் விரிந்துகொடுக்கும் திறன் 40 நிமிடம் வரை குன்றியிருந்தது. முடிந்துபோன சண்டையை உறவினர் ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் மறுபடி மறுபடி சொல்கிறவர்கள் நம்மிடையே எத்தனை பேர்!

நம் நாட்டில் பெரியவர்களில் ஏறத்தாழ பத்துக்கு மூன்று பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதால், பிரஷர் பார்க்கும் கருவி இல்லாத வீடு குறைவு. சண்டை முடிந்த கையோடு அந்தக் கருவியை மாட்டி, 190/105 என்று பார்த்துவிட்டு, பயத்தில் இன்னும் ஏறவிட்டு, கையில் கிடைத்த மாத்திரையைக் கூடுதலாக விழுங்குகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அந்த எண் அந்தக் கணத்தின் எண். முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் வைத்து, பேசாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி அளக்க வேண்டும். தேவையென்றால் அரை மணி நேரம் கழித்து இன்னொரு முறை. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் தளர்வு எதுவும் இல்லாமல் எண் இறங்கிக்கொண்டு வந்தால், கூடுதல் மாத்திரை வேண்டாம். ஒரு காலத்தில் நிபெடிபின் மாத்திரையை உடைத்து நாக்கின் கீழ் விடுவது வழக்கமாக இருந்தது. அழுத்தம் மளமளவெனச் சரிந்து பக்கவாதமும் மாரடைப்பும் வந்ததால் 1990-களில் மருத்துவ உலகமே அதை வேண்டாம் என்று ஒதுக்கியது. மேலே சொன்ன அறிகுறிகளில் ஒன்று இருந்தால், எண் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு நிற்காமல் கிளம்ப வேண்டும்.

இனி மாத்திரை. அந்த அம்மாவின் மகளிடம் வழக்கமான மருந்துகளைக் கேட்டபோது, அம்லோடிபினும் பிசோபுரோலோலும் என்றார். தம்பி வீட்டுக்குக் கிளம்பும்போது இரண்டையும் எடுத்துப் போகவில்லை. இரண்டு நாள் போடவில்லை. அம்லோடிபின் உடம்பில் நெடுநேரம் தங்கும் மருந்து, ஒரு நாள் தவறினால் உடனே பெரிய வித்தியாசம் தெரியாது. பிசோபுரோலோல் அப்படியல்ல. அது பீட்டா தடுப்பு மருந்து, அட்ரினலினுக்கு நேர் எதிரே நின்று இருதயத்தைக் காப்பது. நாள்தோறும் அதைச் சாப்பிட்டு வந்தவர் சட்டென்று நிறுத்தினால், அடுத்த ஓரிரு நாளில் துடிப்பும் அழுத்தமும் முன்பு இருந்ததைவிட ஏறக்கூடும். அட்ரினலின் கரைபுரண்டு ஓடும் நாளும், அதைத் தடுக்கும் மருந்து விட்டுப்போகும் நாளும் ஒன்றாகிவிடுகின்றன. அவருக்கு நோய் வந்ததே அதனால் என்று நான் சொல்லவில்லை. சுமை கூடியிருக்க வாய்ப்பு உண்டு.

இழவு வீடுகளில் சாப்பாட்டுக்கு, பந்தலுக்கு, பூவுக்கு என்று ஒவ்வொருவர் பொறுப்பெடுக்கிறார்கள். வந்து தங்கியிருக்கும் பெரியவர்களின் மாத்திரைக்கும் ஒருவர் பொறுப்பெடுத்தால் போதும். கிளினிக்கில் கொடுத்த உறையோடு அப்படியே எடுத்து வரச் சொல்ல வேண்டும். பெயரும் அளவும் உறையிலேயே அச்சாகியிருக்கும். உடலை எடுக்கும் வரை சாப்பிடுவதில்லை என்று உறுதியாக இருக்கும் பெரியவர்களையும் மருந்துக்கு இரண்டு மடக்குத் தண்ணீர் குடிக்கச் சம்மதிக்க வைக்கலாம்; நான் பேசிப் பார்த்தவரை யாரும் மறுத்ததில்லை. நீரிழிவு உள்ளவர்கள் மட்டும் சாப்பிடாத வயிற்றில் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கக்கூடாது, அவர்களுக்கு ஏதாவது கொஞ்சம் ஊட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். இரண்டு நாள் விட்டுப்போனவர், விட்டதைச் சேர்த்து இரண்டு மடங்காகப் போடக்கூடாது. வழக்கமான அளவை வழக்கமான நேரத்துக்குப் போட்டுக்கொண்டு, துடிப்பு படபடவென்று இருந்தால் அன்றே கிளினிக்கில் காட்ட வேண்டும்.